ஆத்தங்குடிக் கல்லும் ஏழு நெடுவரிசைகளும்: ஒரு ஆர்டர் மென்பொருளை வெட்டிப் பிரித்த விதம்

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் ஒரு பட்டறைக்காரர் எங்கள் சிறிய காரைக்குடி மென்பொருள் குழுவிடம் கொண்டுவந்த யோசனை மிகப் பெரியது. வாங்குபவர் எந்த ஊரில் இருந்தாலும் டிசைன்களைத் திரையில் புரட்டிப் பார்க்க வேண்டும். தன் வீட்டுக் கூடத்தில் அந்தக் கல்லைப் பதித்தால் எப்படி இருக்கும் என்று முப்பரிமாணத்தில் காண வேண்டும். விலை உடனே தெரிய வேண்டும், முன்பணத்தை அங்கேயே கட்ட வேண்டும், கல் எந்த நிலையில் இருக்கிறது, லாரி எங்கே வருகிறது என்றெல்லாம் தெரிய வேண்டும். தான் விரும்பும் புது டிசைனை வரைந்து அனுப்பவும் வழி வேண்டும். கடைசியாக, பதிக்கத் தெரிந்த கொத்தனாரையும் அதிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை எண் போட்டு, மேலிருந்து கீழாகச் செய்துகொண்டு வருவதுதான் பெரும்பாலான குழுக்களின் வழக்கம். அந்தப் பட்டியலைப் பேக்லாக் என்கிறோம். பட்டியலில் ஒரு பெரிய குறை உண்டு: எந்த வேலை எந்த வேலைக்குப் பின்னால் வருகிறது, யாருடைய நாளில் எந்த இடத்தில் அது நிற்கிறது என்பதை அது காட்டாது. முதல் ஐந்து உருப்படிகளை முடித்த பிறகும் ஒருவர்கூட ஒரு கல்லை வாங்க முடியாத நிலை வரலாம். இந்தக் குறைக்கு மருந்தாகத்தான் ஸ்டோரி மேப்பிங் என்ற முறையை ஜெஃப் பேட்டன் வடிவமைத்தார். 1990-களின் இறுதியில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்க முறை வழியாகப் பரவிய, பயனர் செய்ய விரும்பும் ஒரு வேலையைச் சுருக்கமாக எழுதும் யூசர் ஸ்டோரி அட்டைகளையே அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் அவற்றை ஒரே வரிசையில் அடுக்காமல் இரண்டு திசைகளில் பரப்பினார். இடமிருந்து வலமாக, ஒருவர் தன் வேலையைச் செய்யும் வரிசை. மேலிருந்து கீழாக, அந்த வேலையை எவ்வளவு எளிமையாக அல்லது எவ்வளவு விரிவாகச் செய்யலாம் என்ற படிகள்.

எங்கள் வேலையை இந்த முறையில்தான் தொடங்கினோம். இந்த ஆய்வில் நான் அதிக நேரம் நிற்கப்போவது முதல் துண்டில். எதை முதலில் வெளியிடுவது என்ற முடிவு எப்படிப் பிறந்தது, அது ஏன் டிசைன் புத்தகமாக இல்லாமல் கல் எண்ணிக்கையாக இருந்தது என்பதே இந்த நிகழ்வில் அறிந்துகொள்ளத் தகுந்த பகுதி.

வரைபடம் எங்கே முடிகிறது

பட்டறைத் திண்ணையின் நீளச் சுவரில் பழுப்புக் காகிதம் ஒட்டி, சீட்டுகளை அதில் ஒட்டினோம். உட்கார்ந்தவர்கள் பட்டறை உரிமையாளர், கணக்குப் பார்க்கும் அவருடைய மகள், அச்சு வேலையில் மூத்த தொழிலாளி, நாங்கள். முதல் விதி ஒன்று வைத்துக்கொண்டோம்: மென்பொருளைப் பற்றிப் பேசக் கூடாது. கடைசியாக வந்த ஆர்டர் எப்படி நடந்ததோ அதை வினைச்சொற்களால் சொல்ல வேண்டும். "கேட்டார்", "பார்த்தார்", "அளந்தார்", "ஒப்புக்கொண்டார்" என்று ஒவ்வொரு வினைக்கும் ஒரு சீட்டு.

பெயர்ச்சொல்லாக வரும் சீட்டைச் சந்தேகத்தோடு பார்ப்பது எனக்கு வழக்கம். "லாகின்", "அட்மின்", "ரிப்போர்ட்" என்று மேல்வரிசையில் ஒரு சீட்டு ஏறினால், அங்கே மனிதரின் வேலை போய் மென்பொருளின் பாகங்கள் வந்துவிட்டன என்று பொருள். யாரும் லாகின் செய்வதற்காக ஆத்தங்குடிக்குப் போன் செய்வதில்லை.

ஒரு சுற்று முடிந்தபோது மேல்வரிசையில் ஆறு செயல்கள் நின்றன: விசாரித்தல், டிசைன் தேர்ந்தெடுத்தல், அளவு கொடுத்தல், விலையும் தேதியும் ஒப்புக்கொள்ளுதல், கல் செய்தல், அனுப்புதல். இதைத்தான் வரைபடத்தின் முதுகெலும்பு என்கிறார்கள். இந்த ஒவ்வொரு செயலும் எங்கள் கணக்கில் ஒரு எபிக்.

உரிமையாளரைப் பொறுத்தவரை லாரி கிளம்பியதும் ஆர்டர் முடிந்தது. அப்போது அவர் மகள் மெல்லச் சொன்னார்: "அப்பா, லாரி போன பிறகுதானே எனக்குப் போன் வருகிறது?" என்ன போன் என்று கேட்டோம். "மூலைக்கல் இரண்டு குறைகிறது, பார்டர் மூன்று உடைந்துவிட்டது, உடனே அனுப்புங்கள் என்று கொத்தனார் கேட்பார்." சிட்டையைக் கொண்டுவந்து புரட்டினார். பெரிய ஆர்டர் ஒன்றின் பெயருக்குக் கீழே, சில வாரங்கள் தள்ளி, அதே வீட்டின் பெயரில் மூன்று கல், ஐந்து கல் என்று சிறு உருப்படிகள் எழுதப்பட்டிருந்தன. பக்கத்துக்குப் பக்கம் அப்படியே.

ஏழாவது சீட்டு அப்போதுதான் எழுதப்பட்டது: தரை பதித்தல். வரைபடத்தை வலப்பக்கம் ஒரு நெடுவரிசை நீட்டியது அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சீட்டுத்தான் பின்னால் எதை முதலில் செய்வது என்ற முடிவைத் திருப்பிப்போட்டது. வரைபடம் வரைகிறவர்களுக்கு என் அழுத்தமான பரிந்துரை இது: பணம் கைமாறும் இடத்தில் வரைபடத்தை நிறுத்தாதீர்கள். வாங்கியவர் எதற்காக வாங்கினாரோ அது நடந்து முடியும் இடம்வரை நீட்டுங்கள். கல் வாங்குபவருக்குக் கல் தேவையில்லை, தரை தேவை.

மூன்று கல் ஏன் பெரிய செலவு

மூன்று கல் செய்து அனுப்புவதில் என்ன கஷ்டம் என்று எங்கள் குழுவில் இளையவர் கேட்டார். மூத்த தொழிலாளி அவரை அச்சு மேடைக்கு அழைத்துப் போனார். ஆத்தங்குடிக் கல் தலைகீழாகப் பிறக்கிறது. அடியில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் இரும்புச் சட்டம். அதற்குள் டிசைனுக்கான உலோக அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் அதற்குரிய நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. மேலே மணலும் சிமெண்டும் கலந்த உலர் கலவை, அதற்கு மேல் ஈரக் கலவை போட்டு அழுத்தி மட்டம் செய்கிறார்கள். பிறகு உலரவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடி பட்ட பக்கம் பளபளப்பாக வருகிறது. சூளை இல்லை, சுடுவதும் இல்லை.

நிறத்தைக் கலப்பது கைதான். இன்றைக்குக் கலந்த மாந்தளிர்ப் பச்சையும் ஒரு மாதம் கழித்துக் கலக்கும் பச்சையும் தனித்தனியே பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். ஒரே தரையில் அருகருகே பதித்தால் வித்தியாசம் கண்ணில் படும். எனவே மூன்று மூலைக்கல் பிறகு கேட்கப்பட்டால், அச்சு மாற்றி, ஒவ்வொரு நிறத்தையும் புதிதாகக் கலந்து, மூன்றே கல் ஊற்றி, ஊறவைத்து, தனி வண்டியில் அனுப்பி, அதன் பிறகும் வாங்குபவர் முகம் சுளிக்கும் கல்லைத்தான் கொடுக்க முடியும். அதுவரை அந்தக் கொத்தனார் காத்திருக்க வேண்டும், அல்லது மூலையைத் திறந்தபடி விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்.

இது தெரிந்த பிறகு "அளவு கொடுத்தல்" என்ற நெடுவரிசை எல்லோருக்கும் வேறு மாதிரி தெரியத் தொடங்கியது.

ஒரு நெடுவரிசையின் உள்ளே

எபிக்குக்குக் கீழே வருவது ஃபீச்சர். ஃபீச்சருக்குக் கீழே ஸ்டோரி. இந்தப் பெயர்களுக்கு உலகம் முழுவதும் ஒரே அளவுகோல் கிடையாது. நாங்கள் வைத்துக்கொண்ட பொருள் எளியது. எபிக் என்பது ஒருவர் செய்யும் முழுச் செயல். ஃபீச்சர் என்பது அந்தச் செயலுக்குள் ஒரு படி. ஸ்டோரி என்பது அந்தப் படியைக் குறிப்பிட்ட ஒரு விதத்தில் நிறைவேற்றும், சில நாளில் கட்டி முடித்துக் காட்டக்கூடிய சிறு வேலை.

அளவு கொடுத்தல் என்ற எபிக்கில் நான்கு படிகள் வந்தன: அறையின் அளவை வாங்குதல், தரையை நடுக்கல், பார்டர், மூலை என்று பிரித்தல், ஒவ்வொரு வகையையும் எண்ணுதல், உபரி சேர்த்தல். அதுவரை பட்டறையில் நடந்தது, சதுர அடியைக் கேட்டு மொத்தக் கல்லைச் சொல்வது. 15 அடிக்கு 20 அடி கூடம் என்றால் 300 சதுர அடி. பத்து அங்குலச் சதுரக் கல்லில் 432 கல். இந்தக் கணக்கில் தவறே இல்லை. ஆனால் 432 என்ற எண் அச்சு மேடைக்குப் போனால் எந்த அச்சில் எத்தனை என்று தெரியாது. அறையை அங்குலத்தில் எடுத்து, நீளவாட்டில் n கல், அகலவாட்டில் m கல் என்று அதைச் சுவரிலேயே எழுதிப் பார்த்தோம்.

```
n = 240/10 = 24      m = 180/10 = 18
corner = 4
border = 2*(n-2) + 2*(m-2) = 44 + 32 = 76
field  = (n-2)*(m-2) = 22*16 = 352
total  = 4 + 76 + 352 = 432
```

இப்போது உபரியைப் பாருங்கள். மொத்தத்தில் ஐந்து சதவீதம் என்றால் 22 கல். வழக்கமாக அந்த 22-ம் நடுக்கல்லாகவே போகும், ஏனென்றால் அந்த அச்சுத்தான் மேடையில் அதிக நேரம் இருக்கிறது. வகைக்கு வகை ஐந்து சதவீதம் எடுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் நடுக்கல் 18, பார்டர் 4, மூலை 1, ஆக 23. இரண்டு கணக்குக்கும் ஒரே ஒரு கல்தான் வித்தியாசம். ஆனால் முதல் கணக்கில் வழியில் ஒரு மூலைக்கல் உடைந்தால் தரை முடியாது. உரிமையாளர் இதைக் கண்டதும் மூலைக்கு எப்போதும் இரண்டு உபரி என்று தானே விதி வகுத்தார்.

அடுத்தது இன்னும் சுவையானது. கொத்தனார் ஒருவரை வரைபடத்தின் முன் நிற்கவைத்து, ஏழாவது நெடுவரிசையிலிருந்து பின்னோக்கிப் படித்துக் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இந்த அளவு பூச்சு வேலைக்கு முன்னால் எடுத்ததா, பின்னால் எடுத்ததா?" எங்கள் சீட்டுகளில் அந்தக் கேள்வி எங்குமே இல்லை. சுவருக்கு முக்கால் அங்குலப் பூச்சு என்று வைத்துக்கொண்டால் இரு பக்கமும் சேர்த்து ஒன்றரை அங்குலம் போய்விடும். 240-க்கு 180 என்று சொல்லப்பட்ட கூடம் உண்மையில் 238.5-க்கு 178.5. அதில் முழுக்கல் 23-க்கு 17 தான் அடங்கும். மிச்சத்தைச் சுவரோரம் வெறும் பட்டையாக விட வேண்டும், இல்லையென்றால் பார்டரை அறுக்க வேண்டும். பட்டை விடுவதாக முடிவு செய்தால் தேவை 391 கல் மட்டுமே. ஒன்றரை அங்குலத்தில் 41 கல் வித்தியாசம்.

இது கணக்கைத் திருத்தியதோடு நிற்கவில்லை. வரைபடத்தில் புதிய ஸ்டோரியாகவே வந்தது: அளவு வாங்கும்போது பூச்சு முடிந்ததா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், முடியவில்லை என்றால் ஆர்டரை அச்சு மேடைக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்க வேண்டும். பட்டியலைப் பார்த்து இந்த ஸ்டோரியை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. பதிக்கிறவர் வரைபடத்தின் வலது ஓரத்தில் நின்று இடது பக்கத்தைப் படித்ததால் வந்தது அது.

குறுக்கே வெட்டுதல்

சீட்டுகள் சுவர் நிறைந்த பிறகு வெட்டும் வேலை. முதலில் வந்த யோசனை, எதிர்பார்த்தபடியே, நெடுவரிசை நெடுவரிசையாக வெட்டுவது. முதல் ரிலீஸில் டிசைன் புத்தகம் முழுவதும், அடுத்ததில் அளவும் விலையும், அதற்கடுத்து உற்பத்தி. இப்படி வெட்டுவது மனதுக்கு ஒழுங்காக இருக்கிறது. ஒரு எபிக்கைத் தொடங்கி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஆனால் முதல் ரிலீஸ் வந்தால் அழகான படப்புத்தகம் ஒன்று கிடைக்கும், சிட்டையில் மூன்று கல் உருப்படிகள் அப்படியே தொடரும். அந்தப் படப்புத்தகம் விசாரிப்பைக் கூட்டினால் எண்ணிக்கைத் தவறுகளும் சேர்ந்து கூடும்.

குறுக்கே வெட்டுவதென்றால், ஏழு நெடுவரிசைகளிலும் மெல்லிய ஒரு அடுக்கை மட்டும் எடுப்பது. இட்லிப்பானையில் ஒரு தட்டை முழுதாக எடுப்பதுபோல, குழிகள் எல்லாம் சேர்ந்தே வெளியே வர வேண்டும். இந்த முதல் அடுக்கை அலிஸ்டர் காக்பர்ன் சொன்ன பெயரால் வாக்கிங் ஸ்கெலிடன் என்று அழைப்பார்கள்: சதை இல்லை, ஆனாலும் முனைக்கு முனை நடக்கிறது.

எந்த அடுக்கு என்பதை முடிவு செய்ய, சீட்டுகளைத் தொடுவதற்கு முன்பே, அந்த ரிலீஸ் முடிந்ததும் பட்டறையில் என்ன மாறியிருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். விவாதத்துக்குப் பிறகு நின்ற வாக்கியம் இது: ஒரு கூடத்துக்கான ஆர்டர், மறு ஆர்டர் இல்லாமல் பதித்து முடிக்கப்பட வேண்டும். பிறகு ஒவ்வொரு சீட்டாக எடுத்து, இது இல்லாமல் அந்த வாக்கியம் நிறைவேறுமா என்று கேட்டோம். நிறைவேறும் என்றால் சீட்டு கோட்டுக்குக் கீழே இறங்கும்.

எத்தனை சீட்டுகள் இறங்கின என்பதைப் பார்த்து உரிமையாளர் முதலில் கலங்கினார். விசாரித்தல் போனிலேயே தொடரும். டிசைன் தேர்ந்தெடுத்தல், பட்டறையிடம் ஏற்கெனவே இருக்கும் அச்சிட்ட தாளின் படத்தை அனுப்பி எண்ணைச் சொல்லச் சொல்வது. விலை மகள் வழக்கம்போலக் கணக்கிடுவார். தேதி உரிமையாளர் வாயால் சொல்வது. முன்பணம் வங்கிக்கு நேராக வரும். லாரி ஏற்பாடு போனில். மென்பொருள் செய்வது நான்கே காரியங்கள்: அறை அளவையும் பூச்சு நிலையையும் பதிவு செய்வது, வகைவாரியாக எண்ணி உபரி சேர்ப்பது, அதை அச்சு மேடைக்கும் வாங்குபவருக்கும் ஒரே ஆர்டர் தாளாக அச்சிடுவது, பதித்து முடிந்ததும் எத்தனை உடைந்தது, எத்தனை குறைந்தது, எத்தனை மிஞ்சியது என்று கொத்தனாரிடம் கேட்டு எழுதிவைப்பது.

கையால் நடக்கும் படிகளுக்கும் வரைபடத்தில் சீட்டு உண்டு, வேறு நிறத்தில். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல குழுக்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகின்றன. காலியிடம் என்பது யாரும் செய்யாத படி. வேறு நிறச் சீட்டு என்பது இன்னார் கையால் செய்கிறார் என்ற ஒப்பந்தம். அடுக்கை இடமிருந்து வலமாக வாய்விட்டுப் படிக்கும்போது எங்காவது "பிறகு எப்படியோ" என்று சொல்ல வேண்டிவந்தால் துண்டு இன்னும் வெளியிடத் தகுந்ததாகவில்லை.

நான்காவது காரியம், பதித்த பிறகு கேட்டு எழுதுவது, பயன் இல்லாத கூடுதல் வேலையாக எங்கள் நிரல் எழுதுபவர்களுக்குத் தோன்றியது. நான் அதை விடவில்லை. அது இல்லாவிட்டால் வாக்கியம் நிறைவேறியதா என்று அறிய வழியே இல்லை. ஐந்து சதவீத உபரி சரியா என்பதையும் அந்தப் பதிவுதான் காலப்போக்கில் சொல்லும். அதுவரை அது பட்டறையின் வழக்கம் மட்டுமே.

ஒரு ஸ்டோரியை எப்படி உடைப்பது

எண்ணும் ஃபீச்சர் முழுவதும் முதல் அடுக்குக்குப் பெரியது. செட்டிநாட்டு வீடுகளில் செவ்வகக் கூடம் மட்டுமா இருக்கிறது? முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் ஓடும் நடை இருக்கிறது, அதில் தூண்கள் நிற்கின்றன, வாசற்படியில் கல் மாறுகிறது, சில அறைகளில் கல்லை மூலைவாட்டில் பதிக்கிறார்கள்.

இதை உடைக்கும்போது நிரல் எழுதுபவர்கள் இயல்பாகவே திரை ஒரு ஸ்டோரி, கணக்கு ஒரு ஸ்டோரி, தரவுத்தளம் ஒரு ஸ்டோரி என்று பிரிப்பார்கள். அப்படிப் பிரித்தால் மூன்றும் முடியும்வரை மகளால் எதையும் தொட்டுப்பார்க்க முடியாது. தரையின் வகையால் பிரிப்பதே சரி. முதல் ஸ்டோரி: செவ்வக அறை, ஒற்றை வரிசைப் பார்டர், முழுக்கல், மிச்சம் பட்டை. அதை முடித்ததற்கு அடையாளம் அட்டையின் பின்பக்கம் எழுதப்பட்டது: 240, 180 கொடுத்தால் 352, 76, 4 வர வேண்டும், 238.5, 178.5 கொடுத்தால் 315, 72, 4 வர வேண்டும். இரண்டாவது ஸ்டோரி பார்டர் இல்லாத அறை. மூன்றாவது, முற்றத்து நடை. அதில் வெளிப்பக்கம் ஒரு பார்டர், உள்பக்கம் ஒரு பார்டர், மூலைகள் எட்டு. மூலைவாட்டுப் பதிப்பு நான்காவது; அதில் ஓரக்கல் அறுபட்டு வீணாவதைக் கணக்கிட வேண்டும்.

முதல் இரண்டு மட்டுமே முதல் அடுக்கில். மூன்றாவதும் நான்காவதும் வரும் ஆர்டர்களை மகள் பழையபடி காகிதத்தில் வரைந்து எண்ணி, எண்களை நேரடியாக ஆர்டர் தாளில் உள்ளிடுவார். அந்த நேரடி உள்ளீட்டுக்கான ஸ்டோரி ஒன்றைச் சேர்த்ததால்தான் கடினமான இரண்டைத் தைரியமாகத் தள்ளிப்போட முடிந்தது.

எபிக் ஏன் முடிவதே இல்லை

சுவர்க் காகிதத்திலிருந்து, குழுவின் வேலைகளைப் பதிவு செய்து பின்தொடரும் ஜிரா என்ற கருவிக்கு மாற்றியபோது ஒரு சிக்கல் தலைகாட்டியது. அங்கே ஸ்டோரிகள் `Epic` என்பதற்குக் கீழே அடுக்கப்படுகின்றன. எந்த எபிக் எத்தனை சதவீதம் முடிந்தது என்று ஒரு பட்டை காட்டுகிறது. முதல் ரிலீஸ் பட்டறையில் ஓடத் தொடங்கிய பிறகும் ஏழு எபிக்குகளில் ஒன்றுகூட முடியவில்லை. சிலவற்றில் பட்டை நகரவே இல்லை, ஏனென்றால் அவை கையால் நடக்கின்றன. அறிக்கையை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு வேலை தேங்கிக் கிடப்பதாகவே தோன்றும்.

குறுக்கே வெட்டினால் இது தவிர்க்க முடியாதது. எபிக் நெடுவரிசை, ரிலீஸ் அதைக் குறுக்கே அறுக்கும் கோடு. இரண்டும் வெவ்வேறு திசைகள். எனவே எபிக்கை வகைப்பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு ஸ்டோரி எந்த ரிலீஸில் சேர்கிறது என்று குறிக்கும் `Fix versions` வழியாக முன்னேற்றத்தைப் பார்க்கத் தொடங்கினோம். ரிலீஸுக்கும் எண் வைக்காமல் அந்த ஒற்றை வாக்கியத்தையே சுருக்கிப் பெயராக வைத்தோம்: "மறு ஆர்டர் இல்லாக் கூடம்". பெயரே வரம்பைக் காத்தது. இடையில் யாராவது ஒரு புதுச் சீட்டைக் கொண்டுவந்தால், அது கூடத்தின் மறு ஆர்டரைக் குறைக்குமா என்று கேட்டால் போதும். எபிக்கை முடித்துக்காட்டும் ஆசையில் ஒரு நெடுவரிசையின் அடிமட்டச் சீட்டுகளையெல்லாம் இழுத்துச் செய்யத் தொடங்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். ரிலீஸ் கோடு ஒரு பக்கம் மட்டும் கீழே தொங்குவதுதான் அதன் அடையாளம். சுவரில் அது உடனே தெரியும். கருவியின் பட்டியலில் தெரியாது. அதனால் காகிதத்தைக் கழற்றவில்லை.

அடுத்த கோடு

முதல் ரிலீஸ் ஓடத் தொடங்கியதும், பதிப்புக்குப் பிந்தைய பதிவுகளோடு மறுபடி சுவரின் முன் உட்கார்ந்தோம். கொத்தனார்கள் சொன்னவற்றில் இப்போது மேலே வந்தது எண்ணிக்கையல்ல, தேதி. சொன்ன நாளில் கல் வரவில்லை என்பதால் வேலையாட்கள் காத்திருந்திருக்கிறார்கள். இரண்டாம் துண்டின் வாக்கியம் அங்கேயே பிறந்தது: சொன்ன தேதியில் லாரி ஏற வேண்டும்.

இதற்கு "கல் செய்தல்" நெடுவரிசையைத் திறக்க வேண்டியிருந்தது. தேதியைக் கட்டுப்படுத்துவது ஆட்களின் எண்ணிக்கை என்றே நாங்கள் நினைத்துக்கொண்டு கேட்டோம். மூத்த தொழிலாளி கண்ணாடி என்றார். கல் இறுகும்வரை கண்ணாடி அதன் அடியிலேயே இருக்கும். இந்தப் பட்டறையில் ஒரு கண்ணாடி மறுநாள்தான் திரும்பக் கைக்கு வரும். 200 கண்ணாடி இருந்தால், எத்தனை பேர் வேலை செய்தாலும், ஒரு நாளைக்கு 200 கல்லுக்கு மேல் ஊற்ற முடியாது. மூலைக்கு இரண்டு என்ற விதிப்படி 24 உபரியோடு 456 கல் கொண்ட அந்தக் கூடத்துக்கு ஊற்றவே மூன்று நாள். அதற்கு மேல் தொட்டியில் ஊறும் நாளும் உலரும் நாளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலரும் நாள் நீளும். இதையெல்லாம் கணிக்கும் பெரிய திட்டமிடல் பலகை ஒன்று ஏற்கெனவே வரைபடத்தின் கீழ்ப்பகுதியில் இருந்தது. அதை எடுக்கவில்லை. எடுத்தது இரண்டே ஸ்டோரி: ஒப்புக்கொண்ட ஆர்டர்கள் எந்தெந்த நாளில் எத்தனை கண்ணாடியைப் பிடித்திருக்கின்றன என்று காட்டும் ஒரு பக்கம், உலரும் நாளை உரிமையாளர் தன் அனுபவத்தால் கூட்டியோ குறைத்தோ போடும் ஒரு கட்டம். மழையைக் கணிக்கும் பொறுப்பு அவரிடமே இருக்கட்டும் என்று விட்டோம். வானத்தைப் பார்த்து அவர் போடும் எண் எங்கள் எந்தச் சூத்திரத்தையும்விட நம்பத் தகுந்தது.

டிசைன் புத்தகம் மூன்றாம் துண்டுக்கு வந்தது. போன் திரையில் தெரியும் நிறமும் கல்லின் நிறமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், மாதிரிக்கல் ஒன்றை அனுப்பி ஒப்புதல் பெறும் ஸ்டோரியும் அதனோடு சேர்ந்து வந்தது. முப்பரிமாணக் காட்சி கீழ்க்கோட்டிலேயே நிற்கிறது.

வாங்குபவர் தானே டிசைன் வரைந்து அனுப்பும் சீட்டை மட்டும் வரைபடத்திலிருந்தே கழற்றினோம். உரிமையாளருக்கு அது மிகவும் பிடித்த யோசனை. ஆனால் அதன் படிகளை எழுதத் தொடங்கியதும் மேல்வரிசையில் வேறொரு மனிதர் வந்து நின்றார்: உலோகத் தகட்டை வளைத்துப் புது அச்சுச் செய்பவர். அவருடைய விலை, அவர் எடுத்துக்கொள்ளும் நாள், முதல் அச்சில் வரும் பிழையைத் திருத்துவது, அந்த டிசைனை வேறொருவருக்கும் செய்து விற்கலாமா என்ற கேள்வி எல்லாம் ஏழு நெடுவரிசைகளில் எதிலும் உட்காரவில்லை. அதற்கு இன்னொரு காகிதம் விரித்து, அச்சுக்காரரை அழைத்து, முதல் வினைச்சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். மகள் அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.